வீட்டில் ஏழு நாள் பிரஷர் பார்ப்பது: பட்டை கட்டுவதிலிருந்து சராசரி போடுவது வரை

என் அத்தைக்கு 61 வயது. சர்க்கரை இல்லை, மாத்திரை எதுவும் கிடையாது. முழங்கால் வலிக்காக கிளினிக்குக்குப் போனவருக்கு வழக்கம்போல பிரஷர் பார்த்தார்கள். 156/92. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது 158/94. "மாத்திரை ஆரம்பிச்சிடலாமா, இல்ல வீட்டுல ஒரு வாரம் பார்த்துட்டு வர்றீங்களா?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அத்தை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து வீட்டு மிஷினை வாங்கிக் கட்டிப் பார்த்தால் 168 காட்டியது. பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.

மருத்துவமனையில் பதினைந்து வருடமாக நோயாளிகளுக்குப் பிரஷர் பட்டை கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்டது 168 பற்றி அல்ல. "அத்தை, ஒரு டேப் எடுத்து கையோட சுற்றளவை அளந்து சொல்லுங்க" என்றேன். அங்கிருந்துதான் இந்த வேலை தொடங்க வேண்டும்.

பட்டை

தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தொங்கவிட்டபடி, தையல்காரர் டேப்பால் சுற்றளவை அளக்க வேண்டும். அத்தைக்கு 34 செ.மீ. பக்கத்து வீட்டு மிஷினின் பட்டையில் அச்சிட்டிருந்தது 22–32 செ.மீ. அந்தப் பட்டை அத்தைக்குச் சின்னது.

பட்டைக்குள் காற்று நிரம்பும் ரப்பர் பை ஒன்று இருக்கிறது. கையைச் சுற்றி அதன் நீளம் சுற்றளவில் ஏறத்தாழ 80 விழுக்காடாவது வர வேண்டும், அகலம் 40 விழுக்காடு அளவுக்கு இருக்க வேண்டும். பை சின்னதாக இருந்தால் அழுத்தம் ரத்தக்குழாய்வரை சரியாக இறங்காது. குழாயை மூட மிஷின் கூடுதலாகக் காற்றடிக்கிறது, அந்தக் கூடுதலும் உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குக் கூடியதோ 19.5. பருமனான ஒருவருக்கு இந்தப் பிழை ஒன்றே போதும், இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க. பட்டை பெரிதாகிவிட்டால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். ஒல்லியான பாட்டிகளுக்கு இது நடக்கும்.

பல மிஷின்களுக்குப் பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும், சிலவற்றோடு 22–42 என்ற பொதுப் பட்டையே வரும். ஒரு கம்பெனியின் பட்டையை இன்னொரு கம்பெனி மிஷினில் செருகிப் பார்க்காதீர்கள். குழாய் பொருந்தினாலும் கணக்கு பொருந்தாது.

ஏனென்றால் தானியங்கி மிஷின் ஸ்டெதாஸ்கோப் போல ஓசையைக் கேட்பதில்லை. பட்டை தளரும்போது நாடித்துடிப்பு பட்டைக்குள் உண்டாக்கும் அதிர்வைப் பிடிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கம்பெனியின் சொந்தச் சூத்திரம் கணித்துத் தருகிறது. ஆகவே அந்தச் சூத்திரத்தை மனிதர்களிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்களா என்பதுதான் மிஷின் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. விலையும் புளூடூத்தும் அப்புறம். stridebp.org தளத்தில் சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியல் இருக்கிறது. மாடல் எண்ணை அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே கம்பெனியில் தேறியதும் இருக்கும் தேறாததும் இருக்கும். மேல் கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கை அளவுக்குப் பொருந்தும் பட்டையே கிடைக்காதவர்களுக்குத்தான். பட்டையில்லாமல் விரலையோ கடிகாரத்தையோ வைத்து எண் சொல்பவற்றை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

உட்காரும் விதம்

அத்தைக்குப் பெரிய பட்டை வந்து சேர்ந்த அன்று நான் நேரில் போனேன். அவர் சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, மடியில் கையை வைத்து, சீரியல் பார்த்துக்கொண்டே பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டிருந்தார். ஐந்து தவறுகள், ஒவ்வொன்றும் எண்ணை மாற்றிவிடக்கூடியது.

சரியான இடம் சாப்பாட்டு மேசைதான். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில் சமமாக, கால் பின்னாமல். உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் எட்டாது, ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம். தரையில் சம்மணம் போட்டு அளந்த எண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கைதான் பலர் தவறும் இடம். பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடு உயரத்துக்கு வர வேண்டும், கை மேசைமேல் முழுதாக ஓய்ந்து கிடக்க வேண்டும். பட்டை இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க, இடைப்பட்ட ரத்தத்தின் எடையும் அளவில் சேர்கிறது. 10 செ.மீ. இறங்கினால் 7 அல்லது 8 கூடும், வெறும் இயற்பியல். 2024-இல் வந்த இன்னொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சோதனையில் கையை மடியில் வைத்தபோது மேல் அளவு 3.9 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. அத்தை வீட்டு மேசை கொஞ்சம் தாழ்வு. மடித்த போர்வை ஒன்றைக் கைக்கு அடியில் வைத்தோம், உயரம் சரியாகிவிட்டது.

பட்டையை வெறும் தோல்மேல் கட்டுவதே நல்லது. மெல்லிய துணி ஒன்று இருந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் இறுக்கமான ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியது போலாகிவிடும். அத்தையை நைட்டிக்கு மாறச் சொன்னேன். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே, குழாய் வெளியேறும் இடம் உள்ளங்கைப் பக்கமாக நடுவில். கட்டிய பிறகு ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். முழுக் கையே நுழைந்தால் தளர்வு.

அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா இருப்பது. இதுதான் நம் வீடுகளில் நடக்காத காரியம். டிவி அணைந்திருக்க வேண்டும், போன் வேறு அறையில், பேரப்பிள்ளைகள் வெளியே. அளக்கும்போது பேசினால் 10 வரைகூட ஏறலாம், "எவ்வளவு வருது?" என்று கேட்பதும் பேச்சுதான். காபி, சிகரெட், நடைப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது போக வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வந்து உட்காருங்கள்.

எந்தக் கை? முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். வித்தியாசம் 10-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அதிகம் காட்டும் கையில்தான் இனி எப்போதும் அளக்க வேண்டும். 15, 20 என்று இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது, ஒரு பக்கக் குழாய் சுருங்கியிருக்கலாம். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா வைத்த கையிலும், மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையிலும் கட்டக் கூடாது.

ஏழு நாள், ஒரு நாளைக்கு நான்கு அளவு

காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, காபிக்கும் சிற்றுண்டிக்கும் முன்னால். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, அல்லது படுக்கப் போகும் முன்பு, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு, இடையில் ஒரு நிமிடம். ஆக நாளைக்கு நான்கு, ஏழு நாளைக்கு 28. ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாளாவது பாருங்கள், அதற்குக் கீழே போனால் சராசரியை நம்ப முடியாது.

எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிடிக்காத எண்ணை விட்டுவிட்டு, "இது ஏதோ தப்பா வந்திருக்கு" என்று மூன்றாவது நான்காவது முறை கட்டி, நல்லதாக ஒன்று வந்ததும் அதை எழுதுபவர்கள் நிறையப் பேர். 134 வந்தால் 130 என்று முழுமையாக்குபவர்களும் உண்டு. நோட்டில் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தால் நான் நோட்டை மூடிவிட்டு மிஷினின் மெமரியைக் காட்டச் சொல்வேன்.

அளக்கும்போது சில மிஷின்களில் இதயத்துடிப்பு சீரில்லை என்று ஒரு குறி வரும். எப்போதாவது ஒரு தடவை வந்தால் கை அசைந்திருக்கலாம். அடிக்கடி வந்தால் ஒவ்வொரு முறையும் மூன்று அளவு எடுங்கள், மருத்துவரிடம் சொல்லி ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். துடிப்பே சீராக இல்லாதபோது ஒற்றை அளவு அதிகம் தடுமாறும்.

அத்தையின் கணக்கு

முதல் நாள் அவருக்கு வந்தவை: காலையில் 151/90, 146/88. மாலையில் 143/86, 139/84. அன்றைய சராசரி 145/87. "பாத்தியா, எனக்கு பிரஷர் இருக்கத்தான் செய்யுது" என்றார். இரண்டாம் நாள் 136/82, 130/80, 131/80, 127/78.

முதல் நாள் அளவுகளை எழுதிவைக்க வேண்டும், சராசரியில் சேர்க்கக் கூடாது. புதுப் பொருள், புதுப் பதற்றம், கையை இறுக்கும் உணர்வு எல்லாம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளின் 24 அளவுகள்தான் கணக்கு. அத்தையின் மேல் அளவுகளை நாள்வாரியாகக் கூட்டினால் 524, 520, 531, 510, 513, 515. மொத்தம் 3113. 24-ஆல் வகுத்தால் 130-க்கு ஒரு துளி குறைவு. கீழ் அளவுகளின் மொத்தம் 1896, சராசரி 79. ஆக வீட்டு அளவு 130/79.

நான்காம் நாள் கூட்டல் மட்டும் 531 என்று தூக்கியிருப்பதைக் கவனியுங்கள். அன்று மாலை 138 வந்திருந்தது, வீட்டில் விருந்தாளிகள். அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கலாம். 24-இல் ஒன்றாக அது கரைந்துபோகிறது. சராசரி போடுவதே அதற்குத்தான்.

இப்போது இந்த 130/79-ஐ எதோடு ஒப்பிடுவது? கிளினிக்கின் எல்லைக்கோடு 140/90. வீட்டுச் சராசரிக்கு எல்லைக்கோடு அதுவல்ல, 135/85. வீட்டில் நிதானமாக இருக்கும்போது பெரும்பாலோருக்குச் சற்றுக் குறைவாக வருவதால் கோட்டையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் "வீட்டுல 138தான், 140-க்குள்ள இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அவர்கள் கோட்டுக்கு மேலே இருக்கிறார்கள். அமெரிக்க வழிகாட்டுதல் கோட்டை 130/80 என்று இன்னும் கீழே வைக்கிறது. உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் 158, வீட்டில் 130

மிஷினில் கோளாறு என்றுதான் அத்தை நினைத்தார். இல்லை. 1983-இல் இத்தாலியில் ஜுசெப்பே மான்சியாவும் சகாக்களும் நோயாளிகளின் ரத்தக்குழாய்க்குள்ளேயே நுண்குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாமல் பதிவுசெய்தார்கள். மருத்துவர் பிரஷர் பார்க்கப் படுக்கை அருகே வந்ததும் மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 ஏறியது. முதல் நான்கு நிமிடத்துக்குள் உச்சம், பிறகு மெல்ல இறக்கம். நர்ஸ் அளந்தபோது ஏற்றம் அந்த அளவுக்கு இல்லை என்று பிறகு கண்டார்கள். பரீட்சை ஹாலில் நுழைந்த பிள்ளையின் கதைதான். கிளினிக்கில் எல்லைக்கோட்டுக்கு மேல், வெளியில் எல்லைக்கோட்டுக்குக் கீழ் என்று இருப்பதை, மருத்துவரின் வெள்ளை அங்கியை வைத்து, வெள்ளை அங்கி ரத்த அழுத்தம் என்கிறார்கள்.

இதற்குப் பொதுவாக மாத்திரை தர மாட்டார்கள். அதற்காக மறந்துவிடவும் முடியாது, இவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் உண்மையான உயர் அழுத்தமே வந்துவிடுகிறது. அத்தையிடம் மருத்துவர் சொன்னது உப்பைக் குறைக்க, தினமும் நடக்க, வருடத்துக்கு ஒருமுறை இதே ஏழு நாள் கணக்கை எடுத்துவர.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரிடம் இதே விளைவு வேறு மாதிரி ஆபத்து. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அதிகம் காட்டும், மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வீட்டில் அவர் கட்டிலிலிருந்து எழுந்தால் தலைசுற்றி விழுவார். அப்படிப்பட்டவர் வீட்டு நோட்டோடு போக வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

தலைகீழ்க் கதை, 24 மணி நேர மிஷின்

என்னைக் கேட்டால் அத்தையைவிடக் கவலைப்பட வேண்டியவர் என் மைத்துனர். 44 வயது, நாளைக்கு எட்டுப் பத்து சிகரெட், வேலை அழுத்தம். இன்சூரன்ஸ் பரிசோதனையில் 132/84, "நார்மல்" என்று எழுதிவிட்டார்கள். மிஷின் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அவரையும் ஏழு நாள் பார்க்கச் சொன்னேன். சராசரி 137/88. கிளினிக்கில் சரி, வெளியில் அதிகம். இதுதான் மறைந்திருக்கும் ரத்த அழுத்தம். கிளினிக் அளவு 130–139 என்று விளிம்பில் நிற்பவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் ஆகியோரிடம் இதைத் தேட வேண்டும். மாரடைப்பு, பக்கவாத அபாயம் வெளிப்படையான உயர் அழுத்தக்காரர்களை ஒட்டியே இருக்கும். இவர்களை யாரும் கவனிப்பதுமில்லை, ஏனென்றால் கிளினிக் சீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

அவரிடம் ஒரு சிக்கல். வீட்டில் அளக்கும் விதிப்படி அரை மணி நேரம் சிகரெட் தொடக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சிகரெட்டும் அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் ஏற்றிவைக்கிறது. அலுவலகத்தில் பத்து சிகரெட்டோடு இருக்கும் மனிதரின் நிஜ அழுத்தத்தை விதிப்படி அளக்கும் வீட்டு மிஷின் ஓரளவு தவறவிடுகிறது. அதனால் மருத்துவர் 24 மணி நேர மிஷின் போட்டுவிட்டார்.

அதுவும் பட்டைதான். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, வழக்கமாக எழுதாத கையில் பட்டை. பகலில் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகக் காற்றடிக்கும். அன்று குளிக்க முடியாது. வழக்கமான வேலைநாளில் போட வேண்டும், லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தால் பயனில்லை. காற்றடிக்கத் தொடங்கியதும் செய்வதை நிறுத்தி, கையைத் தளர்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போதும் பை தூக்கும்போதும் அளவு தவறிவிடும். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், மாத்திரை எப்போது என்று எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் இரவு என்று எதைக் கணக்கிடுவது என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான். பகலில் 20, இரவில் 7 நல்ல அளவாவது பதிவாகாவிட்டால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கோடுகள் இங்கே மூன்று: முழு நாள் சராசரிக்கு 130/80, விழித்திருக்கும் நேரத்துக்கு 135/85, தூக்கத்துக்கு 120/70. மைத்துனருக்குப் பகலில் 146/93, இரவில் 136/82, முழு நாளுக்கு 143/89. மூன்றுமே கோட்டுக்கு மேல். இன்னொன்றும் தெரிந்தது. தூங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்க வேண்டும். இவருக்கு 146-இலிருந்து 136, ஏழு விழுக்காடுகூட இல்லை. இரவில் இறங்காத அழுத்தத்தை வீட்டு மிஷினில் வழக்கமான முறையில் பிடிக்கவே முடியாது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று மருத்துவர் பார்க்கச் சொன்னதும் இதனால்தான். அவர் மனைவி குறட்டையைப் பற்றி இரண்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

எண் திடீரென்று எகிறினால்

180/110 போல ஏதாவது வந்தால் பட்டையைக் கழற்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி கட்டிப் பாருங்கள். இறங்கினால் நோட்டில் இரண்டையும் எழுதுங்கள். இறங்கவில்லை, ஆனால் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, கைகால் ஒரு பக்கம் வலுவிழப்பது, திடீரென்று பார்வை மங்குவது இவற்றில் ஒன்று இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். பிரஷர் 150-ஆக இருந்தாலும் அப்படித்தான்.

ஏழு நாள் முடிந்ததும் மிஷினைப் பெட்டியில் வைத்துவிடலாம். மாத்திரை மாற்றியிருந்தாலோ மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்னாலோ இன்னொரு ஏழு நாள். அதற்கிடையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பார்த்தால் போதும். அத்தை இப்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் டேப்போடு போய்க் கையை அளந்திருக்கிறார். 27 செ.மீ. "உங்க மிஷின் உங்களுக்குச் சரிதான், எனக்குத்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.